220 ரூபாய் 765 ஆன கதை: பெருக்கல் குறியை விழுங்கும் திரை

வீட்டு விசேஷத்துக்குத் தேங்காய் நான்கு வாங்குகிறீர்கள்; ஒன்று 25 ரூபாய். பூ மூன்று முழம். முழம் 40 ரூபாய். தேங்காய்க்கு 100, பூவுக்கு 120, ஆக 220 ரூபாய். மனக்கணக்காகவே போட்டுவிடலாம். இதைக் கணினியில் தட்டும்போது பெருக்கலுக்கு நம் கை தானாகவே நட்சத்திரக் குறிக்குப் போகிறது. எக்செல் பழகியவர்களுக்கு அதுதான் பெருக்கல்.

```
4*25 + 3*40
```

இதை நீங்கள் அனுப்பிய இடம் நட்சத்திரத்தை வேறு விதமாகப் புரிந்துகொள்கிற இடம் என்றால், படிப்பவர் திரையில் தெரிவது இதுதான்:

```
425 + 340
```

இரண்டு நட்சத்திரங்களையும் காணோம். நடுவில் இருந்த ‘25 + 3’ மட்டும் லேசாகச் சாய்ந்து நிற்கும். கைப்பேசியின் சின்னத் திரையில் அந்தச் சாய்வு எத்தனை பேர் கண்ணில் படும்? படிப்பவர் கூட்டிப் பார்த்தால் 765 வரும். தேங்காய்க்கும் பூவுக்கும் 765 என்பது நம்ப முடியாத தொகையும் அல்ல. அதனால் சந்தேகமே வராமல் பணம் கைமாறிவிடக்கூடும். எழுத்து உடைந்து கட்டம் கட்டமாகத் தெரிந்தால் “ஏதோ தப்பு” என்று உடனே புரியும். இங்கே ஒழுங்கான ஒரு கணக்கு, ஒழுங்கான இன்னொரு கணக்காக மாறி நிற்கிறது. ஆபத்தே அதில்தான் இருக்கிறது.

நட்சத்திரம் பெருக்கலுக்கு வந்தது எப்படி?

பள்ளியில் நாம் படித்த × குறியை இங்கிலாந்தின் வில்லியம் ஆட்ரெட் 1631-ல் வெளிவந்த தன் கணித நூலில் பயன்படுத்தினார். அது எக்ஸ் என்ற எழுத்தோடு குழம்புகிறது என்று லைப்னிட்ஸ் குறைப்பட்டுக்கொண்டு, புள்ளி வைப்பதையே விரும்பினார். இதற்கிடையில் 1659-ல் யோஹான் ரான் என்ற சுவிஸ் கணிதர் தன் அல்ஜீப்ரா நூலில் பெருக்கலுக்கு நட்சத்திரத்தையே போட்டிருக்கிறார். ஆனால் அந்த வழக்கம் பாடப்புத்தகங்களில் நிலைக்கவில்லை.

நட்சத்திரம் திரும்பி வந்தது கணினி வழியாகத்தான். 1957-ல் ஐ.பி.எம். வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழிக்கான கட்டளைகளை அட்டையில் துளையிட்டுத்தான் கணினிக்குக் கொடுக்க வேண்டும். அந்த அட்டைகளில் இடம்பெற்ற குறிகள் மிகச் சில. அவற்றில் × கிடையாது, நட்சத்திரம் இருந்தது. அதையே பெருக்கலாக வைத்துக்கொண்டார்கள். அடுக்குக்கு இரண்டு நட்சத்திரம். பிறகு வந்த ஆஸ்கி குறியீட்டிலும் × சேர்க்கப்படவில்லை. எனவே விசைப்பலகையிலும் அதற்கு இடம் இல்லை. எக்செல் முதல் பைத்தான் வரை எல்லாம் இந்த வழியில் வந்தவைதான்.

அதே நட்சத்திரத்துக்கு இன்னொரு வேலையும் வந்து சேர்ந்தது. பழைய மின்னஞ்சல்களில் எழுத்தைச் சாய்க்கவோ தடிக்கவோ வழி கிடையாது. ஒரு சொல்லை அழுத்திச் சொல்ல நினைத்தவர்கள் அதன் இரு பக்கமும் நட்சத்திரம் வைத்தார்கள். அந்த வழக்கத்தைப் பார்த்துத்தான் ஜான் க்ரூபர் 2004-ல் ‘மார்க்டவுன்’ என்ற எழுத்து முறையை வெளியிட்டார். அதில் ஒரு பகுதியின் முன்னும் பின்னும் ஒற்றை நட்சத்திரம் வைத்தால் அந்தப் பகுதி சாய்வெழுத்தாகும். இரட்டை நட்சத்திரம் வைத்தால் தடித்த எழுத்தாகும். குறிகள் தம் வேலையை முடித்துவிட்டு மறைந்துவிடும். இன்று ரெட்டிட், டிஸ்கார்ட், கிட்ஹப், பல குறிப்பேட்டுச் செயலிகள் என்று எத்தனையோ இடங்களில் இந்த முறையோ இதன் சாயலோதான் நடக்கிறது.

ஆக, ஒரே குறிக்கு இரண்டு எஜமானர்கள். நீங்கள் பெருக்கச் சொன்னீர்கள். அது சாய்க்கச் சொன்னதாக எடுத்துக்கொண்டது.

ஜோடி சேர்ந்தால்தான் வினை

இந்தக் கோளாறு சில நேரம் வரும், சில நேரம் வராது. அதனாலேயே பலர் கவனிப்பதில்லை. காரணம் எளிது. சாய்வெழுத்துக்குத் தொடக்கம் ஒன்று, முடிவு ஒன்று என இரண்டு நட்சத்திரங்கள் வேண்டும். ஒரே பெருக்கல் மட்டும் எழுதினால் நட்சத்திரத்துக்கு ஜோடி கிடைக்காது. அது அப்படியே திரையில் நிற்கும். ‘சரியாகத்தானே தெரிகிறது’ என்று நினைத்து, அடுத்த முறை இரண்டு பெருக்கல்களை எழுதுகிறோம். இரண்டும் காணாமல் போகின்றன.

ஒரே வரியில் இருந்தால்தான் ஜோடி சேரும் என்பதும் இல்லை. முதல் வரியில் ஒரு பெருக்கல், அதற்குக் கீழ் வரியில் இன்னொன்று என்று எழுதினாலும், நடுவில் ஒரு வெற்று வரி விடாவிட்டால் மார்க்டவுனுக்கு அது ஒரே பத்திதான். மேல் வரி நட்சத்திரம் கீழ் வரி நட்சத்திரத்தோடு கைகோத்துவிடும்.

மூன்று நட்சத்திரம் இருந்தால்? இரண்டு ஜோடியாகி மறையும்; ஒன்று தனியாக நிற்கும். இந்தக் கணக்கைப் பாருங்கள்:

```
2*3*4*5
```

உண்மை விடை 120. திரையில் தெரிவது இது:

```
234*5
```

இதைப் பெருக்கினால் 1,170. ஒரு நட்சத்திரம் கண்ணெதிரே இருப்பதால், இங்கே நட்சத்திரம் தொலைந்திருக்கும் என்ற எண்ணமே வராது.

‘நட்சத்திரம் மட்டும்தான் இப்படியா? கீழ்க்கோடு கூடத்தான் சாய்வெழுத்தைத் தரும்’ என்று மார்க்டவுன் தெரிந்தவர்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவில், எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் வரும் கீழ்க்கோட்டை இன்றைய மார்க்டவுன் விதிகள் தொடுவதில்லை. கோப்புப் பெயர்களில் அது அடிக்கடி வரும் என்பதால் விட்டுவைத்திருக்கிறார்கள். நட்சத்திரத்துக்கு அந்தச் சலுகை இல்லை.

இடைவெளியில் இருக்கிறது சூட்சுமம்

மார்க்டவுன் நட்சத்திரத்தின் இரு பக்கமும் என்ன இருக்கிறது என்று பார்க்கிறது. சாய்வைத் தொடங்கும் நட்சத்திரத்துக்கு வலப்பக்கம் எழுத்து ஒட்டியிருக்க வேண்டும். முடிக்கும் நட்சத்திரத்துக்கு இடப்பக்கம் ஒட்டியிருக்க வேண்டும். இரண்டு பக்கமும் இடைவெளி இருந்தால் அது தொடங்கவும் முடியாது, முடிக்கவும் முடியாது. வெறும் நட்சத்திரமாகவே நிற்கும். எனவே இது பிழைத்துக்கொள்ளும்:

```
4 * 25 + 3 * 40
```

ஆனால் இடைவெளியை அரைகுறையாக விட்டால் பிழைக்காது. இதைப் பாருங்கள்:

```
4 *25 + 3* 40
```

முதல் நட்சத்திரத்தின் வலப்பக்கம் 25 ஒட்டியிருக்கிறது. இரண்டாவதின் இடப்பக்கம் 3 ஒட்டியிருக்கிறது. ஜோடி அமைந்துவிட்டது. இன்னும் ஒரு இடம் கவனிக்க வேண்டியது: வரியின் தொடக்கம். நீளமான கணக்கை மடக்கி, அடுத்த வரியை நட்சத்திரமும் இடைவெளியுமாகத் தொடங்கினால், அது பட்டியல் என்று எண்ணிப் பெருக்கல் குறி உருண்டைப் புள்ளியாகிவிடலாம்.

வாட்ஸ்அப்பில் கதை கொஞ்சம் வேறு. அங்கே ஒற்றை நட்சத்திரம் சாய்வெழுத்து அல்ல, தடித்த எழுத்து. எண்களுக்கு நடுவே ஒட்டி எழுதிய நட்சத்திரத்தை அது பெரும்பாலும் விட்டுவிடும். ஆனால் மேலே பார்த்த அரைகுறை இடைவெளிக் கணக்கு அங்கேயும் தடித்து, நட்சத்திரங்களை இழக்கும். இதில் இன்னொரு சிக்கல். வாட்ஸ்அப்பில் நன்றாகத் தெரிந்த கணக்கை நகலெடுத்துக் குறிப்பேட்டுச் செயலியில் ஒட்டினால் அங்கே அது மாறிப்போகலாம். ஓரிடத்தில் சரியாகத் தெரிந்தது என்பது இன்னோரிடத்துக்கு உத்தரவாதம் ஆகாது.

கழித்தல் குறியும் தப்பவில்லை

வாட்ஸ்அப் பயன்படுத்துகிறவர்கள் நட்சத்திரத்தைவிட அதிகம் கவனிக்க வேண்டியது கழித்தல் குறியை. 2024 முதல் வாட்ஸ்அப்பில் பட்டியல் வசதி வந்திருக்கிறது. வரியின் தொடக்கத்தில் ஒரு சிறு கோடும் இடைவெளியும் தட்டினால் அது பட்டியலின் உருண்டைப் புள்ளியாகிறது. இப்போது இந்தக் கணக்கை எண்ணிப் பாருங்கள்:

```
தேங்காய் 100
பூ 120
- 50 அட்வான்ஸ்
```

நீங்கள் சொல்ல வந்தது, முன்பே கொடுத்த 50 ரூபாயைக் கழித்துக்கொண்டு 170 தர வேண்டும் என்பது. கோடு புள்ளியாகிவிட்டால் அட்வான்ஸும் இன்னொரு செலவாகத் தெரியும், கூட்டினால் 270. வித்தியாசம் 100 ரூபாய், அதாவது கழிக்க வேண்டிய தொகையைப் போல் இரண்டு மடங்கு. தொகை எதுவானாலும் இப்படி இரண்டு மடங்குதான் தவறும். கணக்கு ஒத்துவராதபோது, வித்தியாசத்தைப் பாதியாக்கினால் பட்டியலில் உள்ள ஏதாவது ஒரு தொகை வருகிறதா என்று பாருங்கள். வந்தால், அங்கே ஒரு கழித்தல் குறி மாறியிருக்க வாய்ப்பு அதிகம்.

நோட்டில் போடுவதுபோல எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, அடியில் கோடு கிழித்து மொத்தம் போடுவதும் மார்க்டவுனில் சரிவராது. எழுத்துக்கு அடியில் வரும் கோட்டை அது தலைப்புக்கான அடையாளமாக எடுத்துக்கொள்ளும். கோட்டுக்கு மேலே இருந்த எண்கள் பெரிய எழுத்தில் தலைப்பாகிவிடும். வரி வரியாக இருந்தவை பல இடங்களில் ஒரே வரியாகவும் சேர்ந்துவிடும். 100, 120 என்று இரண்டு வரியில் எழுதியது ‘100 120’ என்று நிற்கும்.

தொலைந்ததைக் கண்டுபிடிப்பது எப்படி?

உங்களுக்கு வந்த கணக்கில் சந்தேகம் இருந்தால் முதலில் எண்களின் சாய்வைப் பாருங்கள். எழுத்தைப் பெரிதாக்கினால் தெரியும். கணக்கின் நடுவில் சில எண்கள் மட்டும் சாய்ந்தோ தடித்தோ இருந்தால், அந்தப் பகுதி தொடங்கும் இடத்தில் ஒன்றும் முடியும் இடத்தில் ஒன்றுமாக நட்சத்திரம் இருந்திருக்கலாம். ‘425 + 340’ என்பதில் சாய்ந்திருப்பது ‘25 + 3’ என்றால், நான்குக்குப் பின்னும் மூன்றுக்குப் பின்னும் நட்சத்திரத்தை வைத்துப் படியுங்கள். மூலக் கணக்கு திரும்பக் கிடைத்துவிடும்.

ஆனால் இந்தத் தடயம் நிலையானது அல்ல. திரையில் தெரிவதை நகலெடுத்து வேறு இடத்தில் வெறும் எழுத்தாக ஒட்டினால் சாய்வும் போய்விடும். அப்போது எஞ்சுவது ‘425 + 340’ மட்டும். அதில் பெருக்கல் இருந்ததற்கான எந்த அடையாளமும் இருக்காது. எனவே சந்தேகம் வந்த கணக்கை நகலெடுத்து மற்றவர்களுக்கு அனுப்புவதற்கு முன், எழுதியவரிடமே ஒருமுறை கேட்டுவிடுங்கள். எழுதியவர் அந்தப் பதிவைத் திருத்தும் பக்கத்தில் திறந்தால், தான் தட்டிய நட்சத்திரங்களைப் பெரும்பாலும் அங்கே பார்க்க முடியும்.

குறி போனாலும் கணக்கு நிற்க

மார்க்டவுன் அறிந்தவர்கள் சொல்லும் தீர்வு, நட்சத்திரத்துக்கு முன்னால் பின்சாய்வுக் கோடு ஒன்றைச் சேர்ப்பது. இப்படி:

```
4\*25 + 3\*40
```

இது வேலை செய்யும். கோடு மறைந்து நட்சத்திரம் மட்டும் தெரியும். ஆனால் அதே செய்தி மார்க்டவுன் இல்லாத இடத்தில், உதாரணமாக ஒரு சாதாரண குறுஞ்செய்தியில் போய் விழுந்தால் கோடும் சேர்ந்தே தெரியும். படிப்பவர் அதை வகுத்தல் குறி என்று நினைத்தால் இன்னொரு வம்பு. நமக்கு வேண்டியது திரை குறிகளை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் ஒரே மாதிரி படிக்கக்கூடிய எழுத்து.

அதற்கு நல்ல வழி × குறியைப் போடுவதே. அதற்கு மார்க்டவுனிலும் வாட்ஸ்அப்பிலும் வேறு எந்த வேலையும் கிடையாது. ஆண்ட்ராய்டு போன்களில் உள்ள கூகுள் விசைப்பலகையில் எண்கள் பக்கத்துக்குப் போய், அங்கிருந்து அடுத்த குறிகள் பக்கத்தைத் திறந்தால் ÷ குறிக்குப் பக்கத்தில் × இருக்கும். விண்டோஸ் கணினியில் `Alt` விசையை அழுத்திக்கொண்டே வலப்பக்க எண் விசைகளில் `0215` என்று தட்டினால் வரும். இதெல்லாம் சிரமம் என்றால், இரு பக்கமும் இடைவெளி விட்டு ஆங்கில சின்ன எக்ஸ் எழுத்தைப் போடலாம். கடைக் கணக்குக்கு அது போதும். அல்ஜீப்ரா வீட்டுப்பாடத்தில் மட்டும் அதைத் தவிர்க்க வேண்டும்.

× குறிக்கும் எல்லை உண்டு. எக்செல் அதைப் பெருக்கலாக ஏற்காது. கணக்கை அங்கே ஒட்டி விடை வரவழைக்க வேண்டுமென்றால் நட்சத்திரம்தான் வேண்டும். அப்படிப்பட்ட இடங்களில் கணக்கின் முன்னும் பின்னும் பின் மேற்கோள் குறியை வையுங்கள். கணினி விசைப்பலகையில் எண் 1-க்கு இடப்பக்கம் இருக்கும் அந்தச் சின்னச் சாய்வுக் குறிதான்.

```
`4*25 + 3*40`
```

இதற்குள் இருப்பதை மார்க்டவுன் தொடாது. மார்க்டவுன் இல்லாத இடத்தில் அந்தக் குறிகள் அப்படியே தெரியும். தெரிந்தாலும் கணக்கு கெடாது. பள்ளியில் பைத்தான் படிக்கிற பிள்ளைகளுக்கு இது கட்டாயம் தேவைப்படும். `2**3 + 5**2` என்ற பைத்தான் கணக்கின் விடை 8 + 25, அதாவது 33. குறிகளால் காப்பாற்றாமல் எழுதினால் அது ‘23 + 52’ என்று தெரியும்; விடை 75 என்று தோன்றும். விடைத்தாளில் 33 என்று எழுதிய பிள்ளைக்குத் தப்பு போடவும் வாய்ப்பு இருக்கிறது.

இவை எல்லாவற்றையும்விட உறுதியான பாதுகாப்பு, ஒவ்வொரு பெருக்கலுக்கும் பெயரும் விடையும் சேர்த்து எழுதுவது. நம் தேங்காய், பூ கணக்கை இப்படி எழுதிப் பாருங்கள்:

```
தேங்காய்: 4 × 25 = 100 ரூபாய்.
பூ: 3 × 40 = 120 ரூபாய்.
மொத்தம்: 100 + 120 = 220 ரூபாய்.
அட்வான்ஸ் 50 போக: 220 - 50 = 170 ரூபாய்.
```

இதில் எந்த வரியும் குறியோடு தொடங்கவில்லை, எனவே பட்டியலாகாது. அடிக்கோடு இல்லை, தலைப்பாகாது. நான்கு வரிகளும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டாலும் முற்றுப்புள்ளியும் பெயர்களும் அவற்றைப் பிரித்துக் காட்டும். கழித்தல் குறி இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கிறது. அது புள்ளியாக மாற வழியில்லை. பெருக்கல் குறி எங்காவது தொலைந்தே போனாலும் ‘4 25 = 100’ என்பதைப் பார்க்கிறவர் நடுவில் என்ன இருந்தது என்று தானே புரிந்துகொள்வார். விடை பக்கத்திலேயே இருப்பதால் 425 என்று படிக்கவும் முடியாது.

குறியே வேண்டாம் என்பவர்களுக்கு நம் கடை பில்களில் காலம் காலமாகப் புழங்கும் ஒரு சொல் இருக்கிறது: வீதம். ‘தேங்காய் 4, ஒன்று 25 வீதம், 100 ரூபாய்’ என்று எழுதினால் எந்தச் செயலியும் அதைச் சாய்க்காது, தடிக்காது, விழுங்காது. பாட்டியும் படிப்பார், பேரனும் படிப்பான். இருவருக்கும் 100 என்றே வரும்.